இடைவேளைக்காரர் அனுப்பிய ஆறு படப் பட்டியல்

தமிழ் சினிமாவை முழுசாகப் பார்த்தவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். பாதி பார்த்தவர்களில் எங்கள் இடைவேளைக்காரரை மிஞ்ச இன்னொரு ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். முப்பது வருடமாகப் படம் பார்த்த மனிதர். தியேட்டரில் ஒரு படத்துக்காவது 'சுபம்' போட்டு அவர் பார்த்ததில்லை. சுபம் என்ற எழுத்து எந்தக் கலரில் வரும் என்று கேட்டால்கூடத் திருதிருவென்று விழிப்பார்.

காரணம் பஸ். கொல்லிமலையில் ஊர்க்கூட்டத்துக்கு 'நாடு' என்று பேர்; வாழவந்தி நாட்டுப் பக்கம் அவருக்குக் காடு. மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. வாரம் ஒரு நாள் மூட்டையோடு நாமக்கல்லுக்கு இறங்குவார். மண்டியில் எடை போட்டு முடிய மாலை ஐந்தாகிவிடும். சாயங்கால ஆட்டம் ஆறேகாலுக்கு. மலைக்குப் போகும் கடைசி பஸ் எட்டுக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய பஸ், கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று தெரியும்வரை நிற்காது. திரையில் 'இடைவேளை' என்று விழுந்ததும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். முறுக்கு விற்கிறவன்கூட அவருக்குப் பின்னால்தான் உள்ளே வருவான்.

ஒருமுறை தியேட்டர் மேனேஜரிடமே போய், "ஏனுங்க, நான் பாக்கறதே பாதிப் படம். எனக்கு அரை டிக்கெட் குடுத்தா என்னங்க?" என்று நியாயம் கேட்டிருக்கிறார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அரை டிக்கெட் குழந்தைகளுக்குத்தான் என்று சொல்ல, "அப்ப அதுக மட்டும் முழுசாப் பாக்குதே, அது என்னங்க ஞாயம்?" என்று இவர் கேட்க, பின்னால் நின்ற வரிசை சத்தம் போட ஆரம்பித்துவிட்டதாம்.

பாதிப் படத்தோடு மலையேறுகிற மனிதர் மீதியை என்ன செய்வார்? பஸ்ஸில் வரும்போது தானே கட்டிவிடுவார். முப்பதாவது வளைவுக்குள் வில்லன் யார் என்று முடிவாகிவிடும். ஐம்பதாவது வளைவில் தங்கை கல்யாணம். மலைமேல் சோளக்காடு ஸ்டாப் வருவதற்குள் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். மறுநாள் காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் கதை. பிற்பாடு வீடுகளுக்கு டி.வி. வந்து அதே படங்களைப் போட்டபோது, டி.வி.க்காரன் கதையை மாற்றிவிட்டான் என்று இரண்டு நாட்டு ஜனமும் கோபப்பட்டது. உண்மையில் அவர் கட்டியதே பல படங்களுக்கு மேலாக இருந்தது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

இனி என் தலையெழுத்தைச் சொல்கிறேன். நான் ஒரு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். மலைக்கு மாற்றல் போட்டார்கள். மலைக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு முதல் மாதம் குளிர் பிடிக்கும், இரண்டாம் மாதம் அலுப்புப் பிடிக்கும். அலுப்புப் பிடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து செம்மேட்டில் ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்தோம். இரண்டாயிரத்துக்கு அப்புறம், வி.சி.டி. கொடிகட்டிப் பறந்த காலம் அது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் தலைவர். எப்போதோ சென்னையில் பத்து நாள் சினிமா ரசனை வகுப்புக்குப் போய்வந்தவர் என்பதால் அவர் பேச்சில் அடிக்கடி 'உலக சினிமா' வரும். என்னிடம் வி.சி.டி. பிளேயர் இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஒரு மனிதனின் வாழ்க்கை நாசமாக அவ்வளவு போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கூடத்தில் படம். கூடத்தைப் பெருக்குவது நான். டி.வி.யைத் தூக்கி வைப்பது நான். கரண்டு போனால் திட்டு வாங்குவதும் நான். இது போதாதென்று எதிரில் வருகிறவனெல்லாம் யோசனை சொல்வான். டீக்கடையில் ஒருத்தர் பக்திப் படம் போடு என்பார், பேங்க்காரர் சண்டைப் படம் கேட்பார். ஆறே மாதத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. ஒரு தந்திரம் செய்தேன். 'என்ன படம் போடலாம் என்று யோசனை சொல்ல விரும்புவோர் மின்னஞ்சலில் மட்டும் அனுப்பவும்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். மலையில் அப்போது மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தது நான்கே பேர், அதில் மூன்று பேர் அதன் பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் நாமக்கல்லில் ஆபீஸ் வேலையாக இறங்கியவன் பிரௌசிங் சென்டரில் கழகத்தின் பெட்டியைத் திறந்தால், ஒரே ஒரு கடிதம். ஒன்பது பக்கம். அனுப்பியவர் இடைவேளைக்காரர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது. செம்மேட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து, மூன்று சந்தை நாள் சொல்லச் சொல்ல அடிக்க வைத்திருக்கிறார். அந்தப் பெண் பாவம், நான்காம் வாரம் லீவு போட்டுவிட்டதாகக் கேள்வி. நான் பிரிண்ட் எடுத்து, திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன். தலையும் வயிறும் சேர்ந்து சுற்றின.

விஷயம் இதுதான். ஒரே ஒரு நடிகரின் படங்களாக ஆறு படம், வரிசையாக, ஆறு ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும். எது முதலில், எது கடைசியில், ஏன் என்பதையெல்லாம் எழுதியிருந்தார்.

அந்த நடிகர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களில் பாதிப் பேருக்கு முகம் ஞாபகம் வராது. முகத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பீர்கள். கதாநாயகனுக்கு அப்பாவாகவோ மாமாவாகவோ வந்து, நல்லவராக நாலு வார்த்தை பேசி, இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னால் கதாநாயகன் மடியில் தலை வைத்துச் செத்துப்போகிறவர். அவர் செத்தால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும், கதை நகரும். இடைவேளைக்காரருக்கு அவர்மேல் உயிர். ஏன் என்று ஒருமுறை டீக்கடையில் கேட்டேன்.

"அவரு ஒருத்தருதானுங்க சார், நம்ம பஸ்சுக்குத் தோதா கதைய முடிச்சுக் குடுப்பாரு. மத்தவங்களுக்கெல்லாம் என்னாச்சுன்னு தெரியாமயே ஊடு வந்து சேரணும். இவரு மட்டும்தான் நான் முழுசாப் பாத்த ஆளு."

யோசித்துப் பாருங்கள், ஒரு நடிகனுக்கு இதைவிட நியாயமான ரசிகன் கிடைப்பானா?

கடிதத்தில் ஒரு படத்துக்கும் பெயர் இல்லை. எல்லாம் சாவை வைத்துத்தான். பாம்புப் படம், லாரிப் படம், கிணத்துப் படம். முதலில் போட வேண்டியது பாம்புப் படமாம். அது அந்த நடிகரின் முதல் படம் இல்லை, ஐந்தோ ஆறோ. ஆனால் சின்னப் படம், பாட்டு நன்றாக இருக்கும், பெண்களும் வருவார்கள். பாம்பு கடித்ததை யாரிடமும் சொல்லாமல் கூரையை வேய்ந்து முடித்துவிட்டு இறங்கி வருகிற ஒரு காட்சி இருக்கிறது, அதைப் பார்த்தால் இந்த மனிதர் யாரென்று தெரிந்துபோகும் என்று எழுதியிருந்தார். இரண்டாவதாகத்தான் அவரது முதல் படம், போலீஸ்காரராகப் பதினோரு நிமிஷம் வருவது. நடிப்பு சுமார். 'ஒரு ஆளைப் பிடிச்சதுக்கு அப்புறம் அவரோட சின்ன வயசு போட்டோவைக் காட்டினால்தான் எல்லாரும் குனிஞ்சு பார்ப்பாங்க. பிடிக்கறதுக்கு முந்தி காட்டினால் யாரு இதுன்னு கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க.' இதைச் சொன்னவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

மூன்றாவது லாரிப் படம். அதில் மட்டும் அவர் அடியாள், கெட்டவர், சாகும்போது திருந்துவார். மூன்று நல்லவரை அடுத்தடுத்துக் காட்டினால் சனங்களுக்குச் சலித்துவிடும், நடுவில் ஒரு கெட்டவர் வேண்டும் என்பது காரணம். நான்காவது சிரிப்புப் படம். பந்தியில் விக்கிச் சாவார். அடுத்து வருவது கனமான படம் என்பதால் அதற்கு முன்னால் மனசு கொஞ்சம் இளைப்பாற வேண்டுமாம். ஐந்தாவது கிணத்துப் படம், பெற்ற மகனே தள்ளிவிடுவது. நீளமான படம், மூன்று டிஸ்க் வரும், அன்றைக்கு மட்டும் ஒன்றரைக்கே ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டனி நாட்டுக்காரர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். எந்தப் படமாவது கிடைக்காவிட்டால் அதன் இடத்தில் எதைப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் முதலாவதும் கடைசியும் மட்டும் எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், அதற்குமேல் பேசக் கூடாது, முக்கியமாகத் தலைவரைப் பேச விடக் கூடாது என்று ஒரு குறிப்பு.

ஆறாவது கேட்டுப் படம். அந்த நடிகர் ரயில்வே கேட் கீப்பர். வருஷக் கணக்குப்படி அவருடைய இரண்டாவது படம், ஆனால் கடைசியில்தான் போட வேண்டும். ஏனென்றால் அவர் இடைவேளைக்குள் சாகாத ஒரே படம் அது. தண்டவாளத்தில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ரயில் வரும், 'இடைவேளை' என்று விழும். 'அஞ்சு தடவை செத்த ஆளு ஆறாவது தடவை உசுரோட நின்னால்தான் சார் அதிசயம் தெரியும். முதல்லயே காட்டிட்டால் அதுல என்ன இருக்கு?'

இதுவரை எட்டுப் பக்கம். எட்டாம் பக்கத்தில் எனக்கு அறுபத்தோராவது வளைவு வந்துவிட்டது, குமட்டிக்கொண்டு வந்தது. மடித்துப் பையில் வைத்தேன். ஒன்பதாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. வேண்டாத வேலையை எத்தனையோ இழுத்துப்போட்டுச் செய்திருக்கிறேன், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததை இப்போதே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவர் தன் மனைவி நல்லம்மாளை முதன்முதலாகக் கூட்டிப்போன படம் அந்தக் கேட்டுப் படம். இடைவேளை விட்டதும் இவர் வழக்கம்போல எழுந்தார். அந்தம்மா எழவில்லை. "இருந்து பாத்துப்போட்டுப் போலாமுங்க. எங்க சின்னம்மா ஊடு இங்கயேதான இருக்குது, தங்கிக்கலாம்" என்றது. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். பாதி மலையில் அந்தம்மா, "அந்த மனுசனுக்கு என்னாயிருக்கும்?" என்று கேட்டது. "செத்திருப்பான், வேறென்ன" என்றார் இவர். "இருக்காது" என்றது அந்தம்மா. அதற்கப்புறம் எந்தத் தியேட்டர் வாசலையும் அந்தம்மா மிதிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம். இவர் கிளம்பும்போதெல்லாம் "போயிப் பாதி பாத்துப்போட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்தப் படத்தின் மீதியைத் தனியாகப் பார்க்க இவருக்கு எத்தனையோ தடவை வாய்ப்பு வந்தது. அவள் இல்லாமல் பார்த்தால் அது இரண்டாவது தப்பு என்று பார்க்கவில்லை. இப்போது கழகத்தில் போட்டால் வருகிறேன் என்று அந்தம்மா ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு படத்துக்கு மட்டும், அதுவும் மிளகுப் பறிப்பு முடிந்த பிறகு. பறிப்பு முடிவதும் ஆறாவது ஞாயிறும் சரியாக வரும். 'பார்த்துச் செய்யுங்க சார்' என்று முடித்திருந்தார்.

இது தெரியாமல் நான் எட்டுப் பக்கத்தைத் தலைவரிடம் சொன்னேன். தலைவருக்கு யோசனை பிடித்தது, வரிசை பிடிக்கவில்லை.

"ஒரு கலைஞனோட வளர்ச்சி தெரியணும்னா காலவரிசைதான் சார். உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க. முதல் படத்துல ஆரம்பிச்சு கடைசிப் படத்துல முடிக்கணும். இவரு செத்த கணக்குல வரிசை போட்டிருக்காரு."

வாதாட எனக்குத் தெம்பில்லை. வருஷத்தைப் பார்த்து வரிசைப்படுத்தி, அறிவிப்பில் 'அடுத்த ஆறு காட்சிகள், ஒரே நடிகர்' என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டேன். படத்தின் பெயர்களைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. நாமக்கல் வி.சி.டி. கடையில் போய் "பந்தியில விக்கிச் சாவாருல்ல, அந்தப் படம்" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

முதல் ஞாயிறு போலீஸ்காரர் படம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பதினோராவது நிமிஷத்தில் நம் நடிகர் செத்தார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் வேறு யார் யாரோ வந்து பேசினார்கள். "சார், உங்க நடிகர் போயிட்டாரே, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கேட்டுவிட்டு எழுந்து போனார். முடியும்போது ஆறு பேர். இடைவேளைக்காரர் மட்டும் பதறவில்லை.

"வரிசையில மொத ரெண்டும் மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க. பாம்புப் படம் கெடைக்கலீங்களா? பரவால்லீங்க, அடுத்த தடவ போட்டுருங்க" என்றார்.

'ம்' என்றேன். அந்த 'ம்'முக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு எட்டே பேர். மலை முழுக்க மிளகுப் பறிப்பு. நம்மவர் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். டிஸ்க்கைப் போட்டேன். டைட்டில் ஓடி, தண்டவாளம் தெரிந்தது, கேட் தெரிந்தது. பின்வரிசையில் இருந்தவர் எழுந்தார். வந்து டி.வி.க்கு முன்னால், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க சார்."

தலைவர் முன்வரிசையிலிருந்து, "நகருங்க, மறைக்குது" என்றார்.

"மறைக்கத்தானுங்க நிக்கறேன். சார், நிறுத்திப்போடுங்க. எனக்குச் சத்தம்கூடக் காதுல விழக் கூடாது."

நிறுத்தினேன். அந்த மனிதர் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அவர் குரல் எழும்பவே இல்லை.

"ஒம்பதாம் பக்கம் படிச்சீங்களா சார்?"

கழக ஃபைலைத் திறந்தேன். அந்தப் பக்கம் மடிப்புக்கூடப் பிரிக்காமல் இருந்தது. நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த அந்தத் தமிழைப் படித்து முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று, எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். படித்துவிட்டுத் தலைவரிடம் கொடுத்தேன். அவரும் படித்தார்.

"மூணு வாரம் அந்தப் புள்ளையோட ஒக்காந்து சொன்னேனுங்க. சொல்லிப்போட்டமே, சார் பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன். என்ற ஊட்டுக்காரி இல்லாம இத நான் பாத்துப்போட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் எந்தப் படத்துக்கும் அவ வர மாட்டாளுங்க. நானும் கூப்புட முடியாது."

"தப்பு என்னுதுதாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

தலைவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "வரிசையை அவரு சொன்னபடியே வெச்சுக்கலாம். அந்த சின்ன வயசு போட்டோ விஷயம் சரியாத்தான் இருக்கு, போன தடவையே தெரிஞ்சுபோச்சு" என்றார். தலைவர் ஒரு விஷயத்தில் தோற்றதை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்குக் காட்சி ரத்து.

போலீஸ்காரர் படம் ஏற்கெனவே ஓடித் தொலைந்திருந்ததால் மற்ற நான்கையும் அவர் சொன்ன வரிசையில் போட்டோம். பாம்புப் படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். கூரையிலிருந்து அவர் இறங்கி வந்தபோது, முதல் படத்தில் எழுந்து போன கம்பவுண்டர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். லாரிப் படத்துக்கு அதைவிடக் கூட்டம். "அந்த நல்ல மனுசனா இப்படிப் பண்றாரு" என்று ஒரு அம்மா டி.வி.யைத் திட்டியது. சிரிப்புப் படத்தில் அவர் விக்கிச் செத்தபோது கம்பவுண்டர் சிரித்துச் சிரித்து அவருக்கே விக்கிக்கொண்டது. கிணத்துப் படத்தை ஒன்றரைக்கே ஆரம்பித்தோம், குண்டனி நாட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸைப் பிடித்தார்கள். அவர் எழுதியது ஒவ்வொன்றும் எழுதியபடியே நடந்தது. கடைசிப் படத்தின் டிஸ்க்கை மட்டும் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. வி.சி.டி.யில் படம் பெரும்பாலும் இரண்டு டிஸ்க்காக வரும், முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. கடையில் ஒரு டப்பாவில் வேறொரு படத்தின் இரண்டாம் டிஸ்க்கைச் செருகி வைப்பது சகஜம். சனிக்கிழமை மத்தியானம் கேட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் டிஸ்க் சரி. இரண்டாவதைப் போட்டால், யாரோ ஒருவர் குதிரையில் வந்து தெலுங்கு வாயசைப்பில் தமிழ் பேசினார்.

உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தம்மா வந்து உட்கார, இந்தக் குதிரைக்காரனையா காட்டுவேன்? ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கினேன். கடைக்காரர் கடையே திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் எழுப்பினேன். பல் தேய்த்துக்கொண்டே வந்து, நூறு டப்பாவைத் திறந்து பார்த்து, கடைசியில் ஒரு பக்திப் படத்தின் டப்பாவுக்குள் அதைக் கண்டுபிடித்தார். அங்கேயே போட்டு 'சுபம்' வரை ஓட்டி, ஆனால் திரையைப் பார்க்காமல், சத்தம் தடங்காமல் ஓடுவதை வைத்தே கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு முன்னால் நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. மறுபடி எழுபது வளைவு ஏறினேன். இடுப்பு கழன்றுவிட்டது.

இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. நல்லம்மாளக்கா புதுச் சேலை கட்டி வந்திருந்தது. மிளகு பறித்துக் கறுத்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, சிரிக்காமல் பேசாமல் உட்கார்ந்தது. இவர் பக்கத்தில், பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி. தலைவர் இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை.

தண்டவாளம், லாந்தர், ரயில் சத்தம், இடைவேளை. டிஸ்க் மாற்ற விளக்கைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் இடைவேளைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறார். அவருக்கே தெரியவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது. கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லம்மாளக்கா அவர் துண்டின் நுனியைப் பிடித்தது.

"ஏனுங்க, எங்க கெளம்பீட்டீங்க? ஒக்காருங்க."

உட்கார்ந்தார். துண்டை அந்தம்மா விடவே இல்லை.

பின்பாதியில் நடந்ததைக் கேளுங்கள். கதை பட்டணத்துக்குப் போய்விட்டது. கேட் கீப்பர் என்று ஒருவர் இருந்ததையே டைரக்டர் மறந்துவிட்டார். ரயில் என்ன ஆயிற்று, லாந்தர் என்ன ஆயிற்று, யாரும் பேசவில்லை. கதாநாயகன் பாட்டுப் பாடினான், அடிதடி செய்தான். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் கூடமே முன்னால் குனிந்து பார்த்தது, அவரைக் காணோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவும்?

"நான் சொன்னேனே புள்ள, செத்துட்டாரு. அதான் காட்டல" என்றார் இவர், மெதுவாக, ஜெயித்த சந்தோஷம் துளிக்கூட இல்லாமல்.

அந்தம்மா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி, கல்யாணம். எல்லாரும் சேர்ந்து போட்டோவுக்கு நிற்கிறார்கள். 'சுபம்' விழப்போகிறது.

"நிறுத்துங்க சார்" என்றது நல்லம்மாளக்கா.

நிறுத்தினேன். அந்தம்மா எழுந்து வந்து டி.வி. மேல் விரலை வைத்தது. பின்வரிசையில், இரண்டு தலைகளுக்கு நடுவில், ஒரு முகம். கையில் வெற்றிலைத் தட்டு. கேட் கீப்பரேதான். படம் பிடித்த அன்றைக்குக் கூட்டத்துக்கு ஆள் போதாமல் அவரையும் இழுத்து நிறுத்தியிருப்பார்கள். தலைவர் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார், நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"உசுரோடதான இருக்காரு?" என்றது அந்தம்மா.

இடைவேளைக்காரர் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா புள்ள. இருக்காரு."

"இருவத்திரண்டு வருசமா நீங்கதான் அவர சாவடிச்சு வெச்சிருந்தீங்க."

"தப்புத்தான் புள்ள. அன்னைக்கே இருந்து பாத்திருக்கணும். தப்புன்னு உன்றகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் அதைச் சொன்னார். அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. சிரிப்பா அழுகையா என்று நான் சரியாகச் சொல்ல மாட்டேன்.

ஜனம் கலைந்தது. இரண்டு பேரும் மறுபடி போய் அதே இடத்தில் உட்கார்ந்து ஏதோ பேச ஆரம்பித்தார்கள். அந்தம்மா பேசியது, இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வாழவந்தி நாட்டுக் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும், எழுந்திருக்கவில்லை. எனக்குக் கூடத்தைப் பெருக்க வேண்டும், டி.வி.யைத் தூக்க வேண்டும், இடுப்பு வலி உயிரை வாங்கியது. எழுந்திருங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்தேன். அவர்கள் பேசி முடிக்கட்டும்.